“எப்ப வாங்கப் போறீங்கள்?”

ஃபேஸ்புக்கில் தொடர்மாடி வீட்டு விளம்பரம் ஒன்றை நீங்களும் ஒருக்கா அமத்திப் பார்த்திருப்பீர்கள். அது வேறு இணையத்தளத்துக்குக் கொண்டு போகாது. அந்த இடத்திலேயே ஒரு சின்ன ஃபோர்ம் திறக்கும். பெயர், ஃபோன் நம்பர் எல்லாம் உங்கள் கணக்கிலிருந்து தானாகவே வந்து நிரம்பியிருக்கும். இன்னொருக்கா அமத்தினால் சரி, நீங்கள் ஒரு ‘லீட்’ ஆகிவிட்டீர்கள். வீடு விற்கும் கம்பனிக்கு உங்கள் நம்பர் போய்ச் சேர்ந்திருக்கும்.

கொழும்பில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து விளம்பர வேலை செய்கிறோம். வெள்ளவத்தையில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தொடர்மாடிக்கு லீட் எடுத்துக் கொடுப்பது அதில் ஒன்று. எங்கள் கைக்கு வரும்போது அங்கே ஏற்கனவே ஒரு ஃபோர்ம் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் கடல், பல்கனி, கோப்பி குடிக்கும் ஒரு சோடி. விலை எங்கேயும் இல்லை. ஃபோர்மில் பெயரும் நம்பரும் மட்டும். ஃபேஸ்புக்கில் இந்த வகைக்கு `More volume` என்று பெயர். ஆக்கள் குவிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆக்களும் குவிந்தார்கள்.

ஆனால் சைட்டில் ஆளில்லை. விற்பனையைப் பார்க்கும் அக்கா சொன்னது இது: “கோல் எடுத்தா பாதிப்பேர் நாங்க ஒண்டும் கேக்கேல்லையே எண்டினம். மிச்சப்பேரின்ர நம்பரே வேலை செய்யாது.” காரணம் லேசானது. தானாக நிரம்பும் நம்பர், அந்த ஆள் ஃபேஸ்புக்கில் எப்போதோ கொடுத்த நம்பர். சிம் மாற்றி வருடக்கணக்காகியிருக்கும். விலையைப் போடாத விளம்பரத்தை வீடு வாங்கும் எண்ணம் இல்லாதவரும் அமத்துவார், விலையை அறிய.

கம்பனிக்கோ அந்த மாதக் கணக்கில் பெரிய சந்தோஷம். ரவுண்டாக்கிச் சொன்னால், ஒரு லட்சம் ரூபாய் செலவுக்கு 200 லீட். ஒன்றுக்கு 500 ரூபாய்தான். நாங்கள் அதே லட்சத்தை வேறு எண்ணால் பிரித்துக் காட்டினோம். அந்த 200 பேரில் சைட்டுக்கு வந்து நின்றவர்கள் 4 பேர். அப்படியென்றால் ஒரு வருகைக்கு 25,000 ரூபாய். ஃபோர்மை மாற்றிய பிறகு லீட் 60 ஆகக் குறைந்தது. ஒன்றின் விலை 1,600 ரூபாயைத் தாண்டியது. ஆனால் சைட்டுக்கு வந்தவர்கள் 9 பேர். ஒரு வருகைக்கு 11,000 சொச்சம். முதலாளி இரண்டாவது கணக்கை நம்ப மூன்று கிழமை எடுத்தது.

நாங்கள் மாற்றியது பெரிசாக ஒன்றுமில்லை. விளம்பரத்திலேயே “இரண்டு அறை வீடு, 4 கோடியிலிருந்து” என்று எழுதினோம். ஃபோர்மை `Higher intent` வகைக்கு மாற்றினோம். அதில் அனுப்புவதற்கு முன் எழுதியதையெல்லாம் ஒருக்கா காட்டி, சரியா என்று கேட்கும். பழைய நம்பரை அங்கேதான் பலர் கண்டு திருத்துகிறார்கள். பிறகு இரண்டு கேள்விகள் சேர்த்தோம்: பட்ஜெட் எவ்வளவு, எப்ப வாங்கப் போகிறீர்கள்.

இந்த இரண்டு கேள்விகளிலும் பொய் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். பட்ஜெட்டைக் கேட்டால் சிலர் கூட்டிச் சொல்வார்கள், கம்பனி மதிக்க வேண்டும் என்று. சிலர் குறைத்துச் சொல்வார்கள், பேரம் பேச இடம் வேண்டுமே. காலத்தைக் கேட்டால் பெரும்பாலும் “3 மாதத்துக்குள்”. ஏனென்றால் அதுதான் பட்டியலில் முதலாவதாக இருந்தது. அதனால் ஃபோர்மின் பதிலை வைத்து நாங்கள் யாரையும் வெட்டுவதில்லை. யாருக்கு முதலில் கோல் எடுப்பது என்ற வரிசை மட்டும் அதிலிருந்து வருகிறது. உண்மையான பிரிப்பு ஃபோனில்தான் நடக்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் வேறு: காசு எங்கேயிருந்து வருகிறது, அது வருவதற்கு முன் என்ன நடக்க வேண்டும்?

“காணி ஒண்டு விக்கக் கிடக்கு” என்றால் அவருடைய காலம் அந்தக் காணியின் காலம். “பாங்கில லோன் கேட்டிருக்கிறம்” என்றால் பாங்க் சொல்லும் திகதிதான் திகதி. “மகளுக்குக் கலியாணம் சரிவந்தா” என்பவர் 3 மாதம் என்று போட்டிருந்தாலும், அவரை நாளைக்கே சைட்டுக்கு இழுப்பதில் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு மாதமும் வரும் விற்பனைக் கோலால் எரிச்சல்படுவதுதான் அவருக்கு மிச்சம்.

ஒரு லீட்டைச் சொன்னால் விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அம்மா நிரப்பியிருந்தார். பட்ஜெட்டில் எல்லாவற்றிலும் குறைந்தது. காலம் “3 மாதத்துக்குள்”. பழைய முறை என்றால் பட்ஜெட்டைப் பார்த்ததும் அவருடைய பெயர் பட்டியலின் அடிக்குப் போயிருக்கும். காலத்தைப் பார்த்து அக்கா கோல் எடுத்தார்.

“பிள்ளை, எவ்வளவு காசு இருக்கு எண்டு கேட்டுக் கிடந்தது. என்னட்ட எங்கயம்மா காசு? மகன் கனடாவில. அவன்தான் வாங்கப் போறான். நான் போய்ப் பார்த்துச் சொல்லட்டாம்.”

ஃபோர்ம் நிரப்புபவர் ஒருவர், பார்க்க வருபவர் இன்னொருவர், காசு போடுபவர் மூன்றாமவர். எங்கள் ஆக்களிடையே இது சாதாரண விஷயம். ஃபோர்மோ எல்லாரும் ஒரே ஆள் என்று நினைத்துக் கேட்கிறது. அதனால் “யாருக்காகப் பார்க்கிறீர்கள்?” என்பதையும் மூன்றாவது கேள்வியாகச் சேர்த்தோம். சைட் விசிட்டை ஞாயிறு பின்னேரம் 5.30க்கு வைத்தோம். கோடை காலம் என்பதால் அப்போது ரொறன்ரோவில் காலை 8 மணி. அம்மா சைட்டில் நிற்க, மகன் வட்சப் வீடியோவில் வரலாம், வெளிச்சமும் இருக்கும்.

விசிட்டுக்கு முதல்நாள் அக்கா மகனோடு நேரே கதைத்தார். மகன் காசைக் கட்டிடம் எழும்ப எழும்பத் தவணையாகக் கட்டுவதாக நினைத்திருந்தார். அக்கா கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, இரட்டைக் குடியுரிமை எடுத்திட்டீங்களா?” எடுக்கவில்லை. கனடாப் பிரஜை ஆனபோது இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி அவர் இங்கே வெளிநாட்டவர். வெளிநாட்டவர் தொடர்மாடி வீடு வாங்குவதென்றால் உறுதி எழுதுவதற்கு முன் முழுக் காசும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர வேண்டும். இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தத் தடை இல்லை.

அந்த ஒரு கேள்வியால் காசுக் கணக்கே மாறியது. கம்பனிக்கு இது பிடிக்கவில்லை. “முதல்ல புக்கிங் காசை வாங்குங்கோ, சட்டத்தை லோயர் பிறகு சொல்லுவார்” என்றார்கள். புக்கிங் காசைக் கட்டிய பிறகு அதைத் திருப்பி எடுக்க ஒரு குடும்பம் படும் பாட்டை அக்கா முன்பு ஒரு இடத்தில் பார்த்திருக்கிறார். அதனால் அந்தக் கேள்வியை முதல் கோலிலேயே கேட்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். இப்போது வெளிநாட்டு நம்பர் வந்தால் விலைக்கு முன் அதைத்தான் கேட்கிறார்கள்.

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். லிஃப்ட் இன்னும் பூட்டப்படாததால் ஐந்தாம் மாடிக்குப் படியேறினார். குசினி யன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தார், மகனுக்கும் காட்டினார். மகன் வீடு பிடித்திருக்கு என்றார், ஆனால் முழுக் காசை ஒரேயடியாகப் போட ஏலாது, இரட்டைக் குடியுரிமைக்கு முதலில் போடுகிறேன் என்றார்.

எங்கள் ஷீட்டில் அவருடைய வரி இன்னும் இருக்கிறது. “3 மாதத்துக்குள்” என்பதை அழித்துவிட்டு அக்கா எழுதியிருக்கிறார்: “குடியுரிமை வந்த பிறகு. அதுவரை கோல் எடுக்க வேண்டாம், அவரே எடுப்பார்.”