இரண்டு கிழமையில் 'டைவிங் இன்ஸ்ட்ரக்டர்' ஆகலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை கடல் சார்ந்த தொழிலுக்கு அனுப்ப யோசிக்கும் வாப்பா, உம்மாமார் பொறுமையாக வாசியுங்கள்.

ஓஎல் முடித்த பெடியன்கள் பலர் இப்போது புறாமலைக்கு ஆட்களை ஏற்றும் படகுகளில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் படித்தவர், வயது 19. நன்றாக நீந்துவார், ஆங்கிலமும் ஓரளவு பேசுவார். "இரண்டு கிழமை கோர்ஸ், முடிவில் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ், வெளிநாட்டிலும் வேலை" என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய வாப்பா நகையை அடகு வைக்கும் யோசனையோடு என்னிடம் வந்தார். "சேர், இது உண்மையா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். சுழியோட்டச் சான்றிதழை வழங்குவது பெரும்பாலும் அரசாங்கம் அல்ல, பயிற்சி நிறுவனங்கள்தான். நம் பக்கம் அதிகம் தெரிவது 1966 இல் அமெரிக்காவில் தொடங்கிய பாடி. எஸ்எஸ்ஐ, பிரித்தானியாவின் பிசாக், நட்சத்திரக் கணக்கில் தரம் பிரிக்கும் சிமாஸ் ஆகியவையும் உள்ளன. பெயர்கள் வேறாக இருந்தாலும் ஏணி ஏறக்குறைய ஒன்றுதான். பாடியின் ஏணியையே உதாரணமாக எடுப்போம்.

சுற்றுலாப் பயணிகள் ஒரு நாளில் செய்வது 'டிஸ்கவர் ஸ்கூபா'. இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருக்க, 12 மீற்றருக்கு மேல் ஆழம் போகாமல் கடலைப் பார்த்து வருவது. அதற்குத் தரும் தாள் ஒரு ஞாபகச்சின்னம் மாதிரி. அது சான்றிதழ் அல்ல.

உண்மையான முதல் படி 'ஓப்பன் வோட்டர்'. பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் 4 சுழியோட்டம். 200 மீற்றர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். முடித்தவர் ஒரு துணையோடு 18 மீற்றர் வரை போகலாம். அடுத்தது 'அட்வான்ஸ்ட்', அது 30 மீற்றர் வரை. அதற்கு அடுத்தது 'ரெஸ்கியூ டைவர்'. இங்குதான் தன்னைப் பார்த்துக்கொள்வதிலிருந்து மற்றவரைப் பார்த்துக்கொள்வதற்கு மாறுகிறோம். இதற்கு முதலுதவிப் பயிற்சி கடைசி 24 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். ரெஸ்கியூ டைவர் என்றால் உயிர்காப்பாளர் அல்ல. கடற்கரையில் நின்று நீரோட்டத்தைக் கவனித்து, மூழ்குபவரை மேற்பரப்பில் இழுத்து வருவது வேறு பயிற்சி, வேறு சான்றிதழ். ஒன்றைக் காட்டி மற்ற வேலையைக் கேட்க முடியாது.

நான்காவது படி 'டைவ்மாஸ்டர்'. வயது 18 ஆகியிருக்க வேண்டும். பதிவேட்டில் 40 சுழியோட்டம் இருந்தால்தான் தொடங்கலாம், 60 இருந்தால்தான் முடிக்கலாம். ஏற்கனவே சான்றிதழ் உள்ளவர்களை இவர் கடலுக்குள் வழிநடத்தலாம். ஆனால் புதியவருக்கு ஓப்பன் வோட்டர் கற்றுக்கொடுத்து சான்றிதழ் கொடுக்க இவரால் முடியாது.

இதற்குப் பிறகுதான் இன்ஸ்ட்ரக்டர். சான்றிதழ் பெற்ற சுழியோடியாகக் குறைந்தது 6 மாதம் கழிந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு உட்காரும்போது 100 சுழியோட்டம் பதிவாகியிருக்க வேண்டும். பயிற்சியை நடத்துபவர் 'கோர்ஸ் டைரக்டர்' என்ற உயர்தர ஆசிரியர். ஆனால் பரீட்சை வைப்பவர் அவரல்ல. நிறுவனம் அனுப்பும் வேறொரு பரீட்சகர். ஓஎல் விடைத்தாளை நாங்களே எங்கள் பாடசாலையில் திருத்தாத மாதிரித்தான் இதுவும்.

எழுத்துப் பரீட்சையில் 75 வீதம் வேண்டும். அதைவிடக் கடினம் தண்ணீருக்குள் நடக்கும் பகுதி. பரீட்சார்த்தி ஒரு திறனைக் கற்பிக்க வேண்டும். மாணவராக நடிப்பவர், பரீட்சகர் இரகசியமாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பிழையைச் செய்வார். அதை உடனே கண்டு, தண்ணீருக்குள்ளேயே திருத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு? 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய சிலிண்டர் காற்றை இழுத்த ஒருவர் பயந்து, மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்தால், அந்தக் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழியலாம். அவர் பாய்வதற்கு முன் தெரியும் அடையாளங்கள் சிறியவை: கண் விரிவது, மூச்சுக் குமிழிகள் வேகமாவது, கை முகமூடிக்குப் போவது. அதைப் பார்த்து அவரைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவரே இன்ஸ்ட்ரக்டர்.

நம் ஊரில் சங்கும் அட்டையும் குளிக்கும் காக்காமார் "முப்பது வருஷம் கடலில் கிடக்கிறோம், எங்களுக்குத் தாள் என்ன சொல்லித்தரும்?" என்று கேட்பார்கள். அவர்களுடைய கடல் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் தான் ஆழம் போய் வருவது ஒரு திறமை. முதன்முறை இறங்கும் நால்வரைப் பத்திரமாக மேலே கொண்டுவருவது இன்னொரு திறமை. சான்றிதழ் அளப்பது இரண்டாவதை.

இனி அந்தத் தம்பியின் கணக்குக்கு வருவோம். அவரிடம் ஓப்பன் வோட்டர் சான்றிதழ்கூட இல்லை. மே மாதம் தொடங்கினால், ஆறு மாதம் முடிவது நவம்பரில். நாளொன்றுக்கு இரண்டு சுழியோட்டம் என்றால் 100 வர 50 கடல் நாட்கள் வேண்டும், அதுவும் காற்றும் கலங்கலும் இல்லாத நாட்கள். நவம்பரில் வாடைக்காற்று வந்துவிடும், நம் பக்கக் கடல் மூடிவிடும். அப்போது கடல் திறப்பது ஹிக்கடுவை, உனவட்டுனைப் பக்கம். அதனால் ஒரு பருவம் இங்கே டைவ்மாஸ்டர் வரை வந்து, அடுத்த பருவம் தெற்கில் இன்ஸ்ட்ரக்டர் படிப்பது நடக்கக்கூடிய வழி. இரண்டு கிழமையில் முடிப்பதற்கு எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.

அந்த வாப்பாவிடம், பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். ஒன்று, கோர்ஸின் சரியான பெயர் என்ன, அது ஏணியில் எந்தப் படி? இரண்டு, கற்பிப்பவரின் அங்கத்துவ இலக்கம் என்ன? பாடி இணையத்தளத்தில் Pro Chek என்ற பக்கத்தில் அந்த இலக்கத்தை இட்டால் அவர் எந்தத் தரத்தில் இருக்கிறார், இப்போது கற்பிக்க அனுமதி உண்டா என்று தெரியும். இன்ஸ்ட்ரக்டர்கள் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காதவர் நேற்று எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இன்று கற்பிக்க முடியாது. மூன்று, பரீட்சை வைப்பவர் யார்?

அவர் போய்க் கேட்டார். முதல் கேள்விக்கே வந்த பதில் 'ஓப்பன் வோட்டரும் அட்வான்ஸ்டும்'. அவை நல்ல கோர்ஸ்கள்தான், இரண்டு கிழமையில் முடிக்கவும் முடியும். ஆனால் அது இரண்டாம் படி, இன்ஸ்ட்ரக்டர் அல்ல. நகை வீட்டிலேயே இருக்கிறது. தம்பி ஓப்பன் வோட்டருக்கு மட்டும் தன் படகுச் சம்பளத்தில் சேர்த்துக் கட்டியிருக்கிறார். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சுழியோட்டத்தையும் திகதி, ஆழம், நிமிடம் எழுதி இன்ஸ்ட்ரக்டரிடம் கையொப்பம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். 100 என்ற எண்ணிக்கைக்கு அந்தப் பதிவேடுதான் சாட்சி.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஏதாவது கோர்ஸ் பேசப்பட்டிருந்தால், அதன் பெயரைக் கீழே எழுதுங்கள். எந்தப் படி என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.