பழைய கணினியின் மிச்ச ஆயுள்

தில்லியில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த அவளிடம் இருந்தது 2017-இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. புதியது வாங்கினால் ஒரு மாத உதவித்தொகைக்கு மேல் செலவாகும்.

கணினி திணறிய வேளையில் Task Manager-ஐத் திறந்து பார்த்தாள். செயலி பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. வன்தட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. ஆக, தாமதத்தின் காரணம் செயலியன்று, சுழலும் வன்தட்டே.

கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, சில ஆயிரம் ரூபாயில் எஸ்எஸ்டி பொருத்தி, உபுண்டு 24.04-ஐ நிறுவினாள். அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2029 வரை உண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டியதோ 2027-இல். குறை ஒன்றுண்டு: வேர்டு கோப்பின் பக்க அமைப்பு லிப்ரே ஆபிஸில் சில இடங்களில் குலைகிறது. எனவே இறுதி வடிவமைப்பை மட்டும் நூலகக் கணினிக்கென ஒதுக்கிவைத்திருக்கிறாள்.