ஏப்ரலில் எழுதிய எண்

ஒரகடத்தில் புத்தாண்டு ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. நிதியாண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்கும். உதிரிபாகத் தொழிற்சாலைகளின் தளப்பலகைகளில் பழைய தாள்களைக் கிழித்துவிட்டுப் புதிய இலக்குகளை ஒட்டுவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் வந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசானும் 2012-இல் டெய்ம்லரும் வந்தன. அவற்றைச் சுற்றி முளைத்த சிறு, நடுத்தர ஆலைகளுக்கு இந்த வழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட பிளாஸ்டிக் மோல்டிங் ஆலை ஒன்றின் தரப் பிரிவில் வேலை பார்த்தபோது நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். கணக்கு எளிதாக விளங்குவதற்காக எண்களை மட்டும் முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

எங்களுக்கு வந்த ஆண்டு இலக்கு ஒரே வரிதான்: ரிஜெக்‌ஷன் 3 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைய வேண்டும். கணினியில் திட்டம் போட்டவர் குறைக்க வேண்டிய 1.5-ஐப் பன்னிரண்டால் வகுத்துவிட்டார். மாதத்துக்கு 0.125. ஏப்ரல் இலக்கு 2.875, மே 2.75 என்று படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கியது. பார்ப்பதற்குத் திட்டம்போல இருந்தாலும் அதில் வேலை என்று ஒன்றுமே இல்லை. எந்த மோல்டில், எந்தப் பழுதை, யார் சரிசெய்யப் போகிறார்கள் என்பதற்கு அந்தப் பன்னிரண்டு கட்டங்களில் பதில் கிடையாது.

ஆண்டு இலக்கைப் பிரிக்கும்போது எண்ணை வகுப்பதற்கு முன்னால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். நாங்கள் மாதம் இரண்டு லட்சம் பீஸ் ஓட்டினோம். 3 சதவீதம் என்றால் 6,000 பீஸ். முந்தைய ஆண்டின் பதிவேட்டைப் புரட்டியபோது அந்த ஆறாயிரம் மூன்று பெரிய குவியல்களாகப் பிரிந்தது. மோல்டு மாற்றியதும் மெஷின் நிதானத்துக்கு வரும்வரை விழும் பீஸ்கள் 2,400. மோல்டின் இரு பாதிகளும் சேரும் ஓரத்தில் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கும் ஃபிளாஷ் 1,800. நைலான் குருணையில் ஈரம் இருப்பதால் மேற்பரப்பில் வெள்ளிக்கோடு ஓடும் பீஸ்கள் 1,200. மீதி 600 சில்லறை.

மூன்றுக்கும் காரணம் வேறு, ஆள் வேறு, காலமும் வேறு. முதலாவது செட்டர்களின் வேலை. இரண்டாவது டூல்ரூமில் தீர வேண்டியது, அதற்கு மோல்டு கையில் சும்மா இருக்க வேண்டும். கார் ஆலைகள் பராமரிப்புக்காகச் சில நாள் மூடும்போதுதான் அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கும். மூன்றாவது வடகிழக்குப் பருவமழையோடு பிணைந்தது. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திறந்த மூட்டை ஐப்பசியில் ஓர் இரவு கிடந்தால் போதும், காலையில் கோடு விழத் தொடங்கிவிடும். டிரையரைப் பழுதுபார்ப்பது, மூட்டைக்கு மூடிபோட்ட தொட்டி செய்வது, 80 டிகிரியில் நான்கு மணி நேரமாவது உலர்த்தாமல் மெஷினில் கொட்டக்கூடாது என்ற ஒழுங்கைக் கொண்டுவருவது எல்லாம் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். நவம்பரில் தொடங்கினால் மழை முந்திக்கொள்ளும்.

இப்படிப் பார்த்ததும் காலாண்டுகள் தாமாகவே பிரிந்துவிட்டன. ஏப்ரல்–ஜூன் மோல்டு மாற்றத்துக்கு. கோடை மூடலில் தொடங்கி செப்டம்பர்வரை ஃபிளாஷுக்கு. அதே வேளையில் டிரையர் ஆயத்தமும் நடக்கும். அக்டோபர்–டிசம்பரில் ரிஜெக்‌ஷன் குறைய வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லை. மழையிலும் ஏறாமல் நிற்க வேண்டும் என்பதே அந்தக் காலாண்டின் இலக்கு. மேலதிகாரி ஒருவருக்கு இது சோம்பல்போலத் தெரிந்தது. ஆனால் முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் எண் எகிறியிருந்ததைக் காட்டியபோது ஒப்புக்கொண்டார். தை பிறந்தபின் காற்று காய்ந்து வெள்ளிக்கோடு தானாகவே குறையும். அந்தக் குறைவை நம் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்ளக்கூடாது என்பதற்காக, அந்த ஒரு பழுதை மட்டும் எப்போதும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டோம்.

முதல் காலாண்டை வாரம்வரை பிரித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாதத்துக்கு 60 முறை மோல்டு மாற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சராசரியாக 40 பீஸ் வீண். செட்டர்கள் பேரல் வெப்பம், ஊசி அழுத்தம், வேகம், தாங்கு அழுத்தம், குளிரும் நேரம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து வைத்துச் சரிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஏ ஷிப்ட்காரர் வைத்த எண் பி ஷிப்ட்காரருக்குத் தெரியாது. ஒவ்வொரு மோல்டுக்கும் ஒரு செட்டிங் தாள் இருந்தால் 40 என்பது 15-ஆகக் குறையும் என்று சோதித்துப் பார்த்துக்கொண்டோம். 60 மாற்றத்துக்கு 25 பீஸ் வீதம் மாதம் 1,500 மிச்சம். சதவீதத்தில் 0.75. ஆண்டு இலக்கில் பாதி இந்த ஒரு வேலையிலேயே இருந்தது.

எங்களிடம் 36 மோல்டுகள். ஆனால் 60 மாற்றங்களில் 40 பத்து மோல்டுகளுக்குள்ளேயே நடந்தன. எனவே ஏப்ரலுக்கு அந்தப் பத்து மட்டும். மீதி 26-ஐ மேயிலும் ஜூனிலும் பதின்மூன்றாகப் பிரித்தால் வாரத்துக்கு மூன்று வரும். வார இலக்கு என்று பலகையில் ஏறியது இதுதான்: எந்த மூன்று மோல்டு, எந்தச் செட்டர். ஒரு நிபந்தனையும் வைத்தோம். தாளை எழுதி முடித்தால் மட்டும் கணக்கில் வராது. அந்தத் தாளை எழுதாத வேறொரு ஷிப்ட் செட்டர் அதைப் பார்த்து மோல்டை ஏற்றி, 15 பீஸுக்குள் நல்ல பீஸ் எடுத்தால்தான் டிக். வேலை நடந்ததா இல்லையா என்று வாதம் செய்ய அதில் இடமில்லை.

இதன்படி ஏப்ரல் மாத இலக்கு 3 சதவீதமாகவே இருந்தது. தாள் எழுதும் மாதத்தில் எண் குறையாது. மேயில் 2.5, ஜூன் முடிவில் 2.4-க்கு அருகில், ஜூலையில் 2.25. சமமாக வகுத்த பழைய திட்டத்தில் ஏப்ரலிலேயே சிவப்பு விழுந்திருக்கும். செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு முதல் மாதமே சிவப்பு விழுந்தால், அவர்கள் அந்தச் சிவப்பைப் போக்கும் வேலையில் இறங்கிவிடுவார்கள். ஃபிளாஷைக் கத்தியால் சீவி நல்ல பீஸோடு சேர்ப்பார்கள், ரிஜெக்‌ஷன் சீட்டு எழுதுவதைத் தவிர்ப்பார்கள். மூத்த செட்டர் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "பச்சை வேணும்னா இப்பவே போட்டுடலாம் சார். மோல்டு சரியாகணும்னா ஆறு வாரம் குடுங்க." அவர் அவகாசம் கேட்டது நியாயம்தான் என்பதை மோல்டு மாற்றக் கணக்கே காட்டியது.

திங்கள் காலை பலகை முன்னால் இருபது நிமிடம் நின்றபடியே வாரப் பரிசீலனை. சொன்ன மூன்றும் ஆயிற்றா, ஆகாவிட்டால் எது தடுத்தது என்பதோடு சரி. அந்த வாரத்தின் சதவீதத்தைப் புள்ளியாகக் குறித்தோமே தவிர, அதை வைத்து யாரையும் கேள்வி கேட்கவில்லை. வாரத்துக்கு 50,000 பீஸ் ஓடும்போது 400 பீஸ் கெட்டுப்போன ஒரே ஒரு லாட் எண்ணை 0.8 ஏற்றிவிடும். அதை விரட்டிக்கொண்டு போனால் அடுத்த வாரத்து மூன்று மோல்டுகள் நின்றுவிடும். மாதப் பரிசீலனையின் கேள்வி வேறு: வேலை நடந்தது, எதிர்பார்த்த அளவு எண் குறைந்ததா? பத்து மோல்டு முடிந்தபின் 1,000 பீஸ் குறைய வேண்டும். 300-தான் குறைந்தால் தாளில் ஏதோ பிழை, அல்லது தாளை யாரும் பார்ப்பதில்லை.

எண் குறைந்திருந்தால் அது உண்மைதானா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. வீணான பீஸ்கள் எல்லாம் கடைசியில் அரவை இயந்திரத்துக்குத்தான் போகும். பீஸ் 50 கிராம் என்றால் 6,000 பீஸ் 300 கிலோ. பலகையில் 4,000 என்று எழுதிவிட்டு மூட்டையில் 290 கிலோ நின்றால் எங்கோ சீட்டு எழுதப்படவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பீஸோடு ஒட்டி வரும் ரன்னரும், மெஷினைச் சுத்தம் செய்யும்போது வழியும் கட்டியும் அதே மூட்டையில் விழுந்தால் எடைக்கு அர்த்தமே இல்லை. அவற்றுக்குத் தனி மூட்டை வேண்டும். இதைச் செய்தபின் மாதக் கூட்டங்களில் வாக்குவாதம் வெகுவாகக் குறைந்தது.

காலாண்டுப் பரிசீலனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பாதை சரியா என்றே கேட்கலாம். ஃபிளாஷுக்காக ஆறு மோல்டுகளின் சேரும் பரப்பைத் தேய்த்துச் சரிசெய்வது திட்டம். ஆறும் முடிந்தன, வார டிக்குகளில் குறையே இல்லை. ஆனால் செப்டம்பர் கடைசியில் இரண்டு மோல்டுகளில் ஃபிளாஷ் திரும்பி வந்திருந்தது. மறுபடியும் டூல்ரூமுக்கு அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தபோது, டூல்ரூம்காரர் ஒருவர் அந்த மோல்டுகளை வேறு மெஷினில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். அங்கே ஃபிளாஷ் வரவில்லை. மோல்டில் குற்றமில்லை, மோல்டை இறுக்கிப் பிடிக்கும் மெஷின் தட்டுகள் இணையாக இல்லை, நான்கு டைபார்களும் ஒரே சீராக இழுக்கவில்லை. அன்றே இலக்கு டூல்ரூமின் பெயரிலிருந்து பராமரிப்புப் பிரிவின் பெயருக்கு மாறியது. வார டிக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டூல்ரூம் இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கும்.

ஆண்டு இலக்கிலிருந்து கீழே பிரித்துக்கொண்டு போய், கீழே தெரிந்ததை மேலே கொண்டுவந்து இலக்கையே திருத்தும் இந்த முறையை ஜப்பானிய ஆலைகள் ஹோஷின் கான்ரி என்று அழைக்கும். பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவுக்கு அதுவே முதல். அதற்குப்பின் சென்னையைச் சுற்றிய உதிரிபாக ஆலைகளில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியது. மேலிருந்து கீழே பிரிக்கும் பாதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கீழிருந்து மேலே திருத்தும் பாதி பல இடங்களில் நடப்பதில்லை என்பது நான் பார்த்த வருத்தமான உண்மை.

சில காலாண்டுகள் கையைவிட்டே போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதியின் வாகன ஆலைகள் பல நாட்கணக்கில் நின்றன. அப்படி நின்றபின், விடுபட்ட எண்ணை அடுத்த காலாண்டின் எண்ணோடு கூட்டி எழுதுவது எளிது. ஆனால் செட்டரின் கை ஒரு வாரத்தில் செய்யக்கூடியது மூன்று மோல்டுதான். ஆறு என்று எழுதினால் மூன்றுகூட ஒழுங்காக நடக்காது. விடுபட்ட வேலைகளில் எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்று முடிவெடுத்து எழுதுவதே நேர்மை.

நாங்கள் அந்த ஆண்டின் முடிவில் 1.7-இல் நின்றோம். மீதி 0.2, அதாவது மாதம் 400 பீஸ், டைபார் சரிசெய்யப்படாத அந்த மெஷின்களில்தான் இருந்தது. உதிரிப் பாகம் வந்து சேரவில்லை. அடுத்த ஏப்ரலின் முதல் வார இலக்காக அதை எழுத எங்களால் முடிந்தது.

இந்த ஏப்ரலில் பலகை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் தரப்படும் 1.5 என்பது கடைசி மாதத்தில் எட்ட வேண்டிய நிலையா, பன்னிரண்டு மாதச் சராசரியா என்று முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 3-இலிருந்து 1.5-க்குச் சீராக இறங்கினாலும் ஆண்டுச் சராசரி 2.25-ஐ ஒட்டித்தான் வரும். அதைக் கேட்காமல் விட்டால், வேலையெல்லாம் முடித்த ஆட்களும் மார்ச் கூட்டத்தில் தோற்றவர்களாகத் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும்.