எந்தத் தெரு?

தென்காசியில் வீடு கேட்டுப் போனால் வாடகைப் பேச்சு பிறகுதான் வரும். முதலில் "எந்த ஊரு தம்பி?" அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். எங்கள் கிளைக்கு மாறுதலாகி வந்த பையன் உண்மையைச் சொல்லி மூன்று வீட்டை இழந்தான். நானும் அப்படியொரு தெருவில் பிறந்தவன். கிளை மேலாளர் என்கிற முறையில், கம்பெனி பெயரிலேயே வீடு எடுத்துக்கொடுக்கத் தலைமை அலுவலகத்தில் அதிகாரக் கடிதம் வாங்கினேன்.

குற்றாலத்தில் ஒருவர் சம்மதித்தார். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை காலி செய்துதர வேண்டுமாம். சாரல் சீசனில் நாள் வாடகைக்கு விட்டால் அவருக்கு லாபம். அது சரிப்படாது. மேலகரத்து வீட்டுக்காரருக்கு எழுதினேன்.

"ஐயா, தங்கள் மாடி வீட்டை எங்கள் நிறுவனம் 11 மாதத்துக்கு வாடகைக்கு எடுக்க விரும்புகிறது. வாடகைதாரர் நிறுவனமே. மாதம் 9,000 ரூபாய் 5ஆம் தேதிக்குள் வங்கியில் செலுத்துவோம். முன்பணம் மூன்று மாத வாடகை, 27,000. நிறுவனம் அனுப்பும் ஊழியர் குடும்பத்தோடு குடியிருப்பார். அவர் மாறுதலானால் வேறு ஊழியர் வருவார். இதை உள்வாடகையாகக் கருதக்கூடாது."

கடைசி வரிதான் உயிர். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறு ஆளிடம் வீட்டை ஒப்படைத்தால், அதையே காரணமாக வைத்துக் காலி செய்யச் சொல்லலாம். அதனால் அந்த வரியை ஒப்பந்தத்திலும் மூன்றாம் பிரிவாகச் சேர்த்தேன். ஊழியரின் பெயரும் பதவியும் மட்டும் கொடுத்தேன். அப்பா பெயர், சொந்த ஊர் எதுவும் எழுதவில்லை.

"11 மாசந்தானே, பதியவேண்டாம்லா?" என்றார் அவர். ஒரு வருசத்துக்கு உட்பட்டதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டாம் என்பது பழைய பழக்கம். 2017இல் போட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும் என்று சொல்லி, பதிந்தும் வைத்தேன்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஒப்பந்தத்தில் பையன் பெயரில் எந்த உரிமையும் கிடையாது. வேலை போனால் வீடும் போகும். காஸ் இணைப்பு வாங்கக்கூட கம்பெனிக் கடிதம் தனியாக எழுதிக் கொடுத்தேன்.

குடிபோன எட்டாம் நாள் போன் வந்தது.

"என்ன சார், ஆளு யாருன்னு சொல்லாம விட்டுட்டீயளே. வீட்டுல பொம்பளைய சத்தம் போடுதா."

"எங்க ஊழியர்னு எழுதியிருந்தேனே அண்ணாச்சி. வாடகை வந்துச்சா?"

"அது வந்துட்டு. வேற ஆள மாத்துங்களேன்."

ஆளை மாற்றுவது கம்பெனியின் விருப்பம் என்று மூன்றாம் பிரிவை வாசித்துக் காட்டினேன். கெடு முடியுமுன் காலி செய்யச் சொல்லச் சட்டத்தில் உள்ள காரணங்கள் வேண்டும், சாதி அதில் இல்லை என்றேன். பதினோராம் மாதம் அவர் நீட்டிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இலஞ்சியில் இன்னொரு வீட்டுக்கு இப்போதே கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.