ஒரே பார்கோடு, இரண்டு விலை

யுஎஸ்பி பார்கோடு ஸ்கேனரைக் கணினி ஒரு கீபோர்டாகவே எடுத்துக்கொள்கிறது. நோட்பேடைத் திறந்து ஒரு சோப்பு உறையை ஸ்கேன் செய்தால் எண் விழுந்து, கர்சர் அடுத்த வரிக்குப் போக வேண்டும். போகாவிட்டால், கையேட்டில் ‘என்டர்’ சேர்ப்பதற்கென்று உள்ள கோடை ஒருமுறை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மளிகைக் கடைக்கு உண்மையான தலைவலி விலையில்தான். உறையிலுள்ள பார்கோடில் எண்தான் உண்டு, விலை இல்லை. பழைய சரக்கில் எம்ஆர்பி 40 ரூபாய், புதியதில் 42 என்றாலும் கோடு ஒன்றாகவே இருக்கலாம். பொருளுக்கு ஒரே விலை வைக்கும் மென்பொருளில் 42 என மாற்றினால், பழைய பாக்கெட்டுக்கும் 42 விழும். எம்ஆர்பிக்கு மேல் விற்பது சட்டமீறல். ஒரே கோடுக்கு இரண்டு எம்ஆர்பியையும் காட்டி, எது என்று கேட்கும் மென்பொருளையே வாங்குங்கள்.