அப்பாவுக்குப் படம் சொல்லும் குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

"எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டேன்டா. டிவி வாய் ஓயாம பேசுது, ஆனா படத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல" என்று நேற்று நீ சலித்துக்கொண்டாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி உன் அடுப்புச் சத்தத்தில் போய்விடுகிறது.

நீ போட்டது தவறில்லை, ஆனால் அது வேறு குரல். டிவியின் அமைப்புகளில் Voice Guide என்று பார்த்திருப்பாய். சில டிவிகளில் பெயர் மாறும். ரிமோட்டை நகர்த்த நகர்த்த, எந்தப் பட்டன்மேல் நிற்கிறோம் என்று அது வாசித்துக் காட்டும். அதன் வேலை மெனுவோடு முடிந்தது. படத்தைப் பார்க்க முடியாத அப்பாவுக்கு வேண்டியது, வசனம் இல்லாத இடைவெளியில் "கதவைத் திறந்து உள்ளே வருகிறான்" என்று சொல்லும் இன்னொரு குரல். அதற்குத்தான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று பெயர்.

அந்தப் பெயரிலேயே டிவி அமைப்புகளில் ஒரு சுவிட்ச் இருக்கும். நீயும் அதைப் போட்டிருக்கிறாய். குழப்பமே அங்கேதான். அது சேனல்களுக்கானது. சேனல்காரர்கள் அந்தக் குரலைத் தனி ஒலித்தடமாக அனுப்பினால் அதை எடுத்துக் கொடுக்கும். அனுப்பாவிட்டால் சும்மா கிடக்கும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலி அந்தச் சுவிட்சை நம்பி இருப்பதில்லை. அந்தச் செயலிக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

அப்பாவுக்கு 'தி கிரவுன்' போட்டுக் கொடு. நாற்பது வருஷம் வரலாறு நடத்தியவருக்கு இங்கிலாந்து அரண்மனைக் கதை கசக்காது. முதல் சீசன், முதல் அத்தியாயம். படம் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்து, திரையில் கட்டுப்பாடுகள் வரும். அதில் Audio & Subtitles என்பதைத் திற. Audio பட்டியலில் வெறும் English ஒன்று இருக்கும், English - Audio Description என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடு. வேறு மொழி டப்பிங் இருந்தால் அதைத் தொடாதே, தொட்டால் இந்த விவரிப்பு போய்விடும். விவரிப்பு என்பது மேலே ஒட்டிய ஒன்றல்ல. வசனத்தோடு சேர்த்து முழுதாகக் கலந்த தனி ஒலித்தடம்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் பரிசோதிக்காதே. வசனத்தின் மேல் குரல் ஏறாது, அதனால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். இந்த அத்தியாயத்தின் ஆரம்பமே போதும். அரசர் ஆறாம் ஜார்ஜ் குளியலறையில் இருமுகிறார். காதில் விழுவது இருமல் மட்டும். வெளியே வருவது ரத்தம் என்பது பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். அது தெரியாவிட்டால் யாருக்கோ சளி என்று அப்பா கடந்து போய்விடுவார். அரசருக்கு வந்திருக்கும் நோய்தான் கதையை நகர்த்துகிறது என்பது பிடிபடாது. அந்த இடத்தில் குரல் வந்தால் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் நீ வெறும் English-இலேயே நிற்கிறாய்.

அடுத்த அத்தியாயங்களில் பெரும்பாலும் அதே தேர்வு தொடரும். வேறு படத்துக்கு மாறும்போது மட்டும் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடு. அப்பாவுக்கென்று தனி புரொஃபைல் போட்டுவிடு, இல்லாவிட்டால் உன் பிள்ளைகள் ஏதாவது போட்ட மறுநிமிஷம் "யாரும்மா நடுவுல பேசுறது?" என்று கத்துவார்கள்.

Voice Guide-ஐ ஒரேயடியாக அணைத்துவிடாதே. நீ வீட்டில் இல்லாதபோது அப்பா தானாகப் போட வேண்டுமென்றால் அதுதான் வழிகாட்டி. பேச்சு வேகத்தை மட்டும் குறைத்துவை. அவர் காதுக்கு அது மளமளவென்று ஓடுகிறதுபோல.

அவர் கண்டிப்பாகத் தமிழ்ப் படம் கேட்பார். பட்டியலில் தமிழுக்கும் Audio Description என்ற வரி இருந்தால்தான் உண்டு; எந்தச் சுவிட்சும் இல்லாததைப் பேசவைக்காது. தயாரிப்பாளர் எழுதி, பேசி, கலந்து கொடுக்க வேண்டிய வேலை அது. 2023 ஜனவரியில் 'பதான்' இந்திப் படத்துக்கு, ஓடிடியில் வருவதற்குமுன் இந்தியில் விவரிப்பு தயாரிக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் தயாரிப்பாளருக்கு உத்தரவு போட்டது. தானாக நடந்திருந்தால் நீதிமன்றம் வரை ஏன் போக வேண்டும்? எனக்கு அதில் கோபம்தான். ஆனால் அதை அப்பாவிடம் சொல்லாதே, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் பண்ணுகிறேன். அந்த இருமல் காட்சியில் என்ன கேட்டது என்று அவரையே சொல்லச் சொல்.

உன் அன்புத் தம்பி