இருபத்தெட்டு டிகிரி

ஊட்டியில உறைபனி எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழுறதில்ல. காத்தும் மேகமும் இல்லாத ராத்திரியில குளிர்ந்த காற்று கனத்துப்போய், தண்ணி மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்துல தேங்கும். நான் ராக்காவல் பார்த்த விடுதி மேட்டுல. கேட்டும் காவல் கொட்டாயும் பள்ளத்துல.

கொட்டாயில் ஒரு பழைய தெர்மாமீட்டர் கிடந்தது. பாரன்ஹீட் அளவு, 32-ல தண்ணி உறையும். உள்ளே பாதரசம் இல்லை, ஸ்பிரிட். அதுக்குள்ள சின்னதா ஒரு கறுப்பு ஊசி. குளிர ஸ்பிரிட் சுருங்கும்போது ஊசியைக் கூடவே இழுத்துப் போகும்; வெயில் ஏறினா ஊசியை விட்டுட்டு ஸ்பிரிட் மட்டும் திரும்பிப் போகும். ஆகவே குமிழுக்கு எதிர்ப்பக்கத்து ஊசிமுனை நிற்கிற இடம்தான் அந்த ராத்திரியின் கடைசிக் குளிர். படுக்கை வாட்டத்தில், புல்லுக்கு மேலே ரெண்டு குச்சியில் வைத்திருந்தேன். விடிந்ததும் நோட்டில் எழுதிவிட்டு, குமிழ்ப் பக்கத்தைத் தூக்கிச் சாய்த்தால் ஊசி பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஒரு டிசம்பர் காலையில் 28 காட்டியது. ஒன்பது பனிக்காலத்தில் நான் எழுதியதிலேயே அதுதான் குறைச்சல். நோட்டை எடுத்துப்போய் விறகு கேட்டேன்.

"பேப்பர்ல மூணு டிகிரி செல்சியஸ்னு போட்டிருக்கான். உன் ஓட்டைக் கண்ணாடி மைனஸ் காட்டுதா?" என்றார் மேனேஜர்.

கண்ணாடியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சமையல்கட்டில் ஐஸ் வாங்கி, நொறுக்கி, கொஞ்சம் தண்ணி விட்டு, குமிழை அதில் பத்து நிமிசம் முக்கினேன். 32 காட்டணும். 30-தான் காட்டியது. குழாயின் மேல்நுனியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் ஒட்டிக்கிடந்தது. அந்தச் சொட்டு அளவுக்குக் கணக்கு குறையும். அப்படியானால் 28 என்பது நெசத்தில் 30. செல்சியஸில் மைனஸ் ஒன்று. சாதனை கொஞ்சம் சுருங்கியது, உறைபனி பொய்யாகவில்லை. குமிழ் கீழே இருக்கும்படி பிடித்து உதறி, ராத்திரி முழுக்க நட்டமாக நிறுத்தினேன். சொட்டு இறங்கியது. மறுபடி ஐஸில் வைத்தேன், சரியாக 32.

பேப்பர்க்காரன் கணக்கும் பொய்யில்லை. வானிலைக்காரங்க கருவி, காற்று நுழையும் வெள்ளை மரப்பெட்டியில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும். தெளிந்த ராத்திரியில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துபோகும். அங்கே மூணு, இங்கே மைனஸ் ஒன்று: ரெண்டும் ஒரே ராத்திரிதான்.

இதைத்தான் மேனேஜரிடம் சொன்னேன். "அந்தப் பெட்டி நாலடி உசரத்துல நிக்குது சார். நாங்க தரையில சாக்கு விரிச்சு உக்காந்திருக்கோம்." மறுநாள் ஆறு மணிக்கு இறங்கிவந்து, வெள்ளையாய்க் கிடந்த புல்லைச் செருப்பால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். நொறுங்கியது. அந்த வாரம் ரெண்டு கட்டு விறகு வந்தது. கம்பளி வரல.